ராயப்பன் சொல்ல வந்தது

மேடையில் கருவி பாதியில் நின்றுபோனால் என்ன பேசுவது என்பதை ரம்யாஸ்ரீ ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். குளியலறையில் சொன்னாள், ஸ்கூட்டியில் ஹெல்மெட்டுக்குள் சொன்னாள். அடுப்படியில் அவள் அம்மா கனகலட்சுமி, வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில், யாரோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்கும் அளவுக்குச் சொன்னாள்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டிய நிலைக்கு வந்தவர்களின் குரலை, அறுவைசிகிச்சைக்கு முன்பே பதிவுசெய்து வைத்துக்கொள்வார்கள். பிறகு அவர்கள் டேப்லெட்டில் எதைத் தட்டச்சு செய்தாலும் அது அவர்களுடைய பழைய குரலிலேயே பேசும். முதலாளி இம்மானுவேலையும் சேர்த்து ஐந்தே பேர். கணிப்பொறி வேலையை மற்றவர்கள் பார்த்தார்கள். வெளியே போய் நாலு பேர் முன்னால் பேசிக் காட்டுகிற வேலை ரம்யாஸ்ரீயுடையது.

போன வருடம் ஒரு மருத்துவமனையில் இம்மானுவேலே செய்துகாட்டப் போய், நடுவில் கருவி ஊமையாகிவிட்டது. மனிதர் வேர்த்துப்போய், "காலைல நல்லாத்தான் இருந்துச்சு, காலைல நல்லாத்தான் இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு எல்லா பட்டனையும் அழுத்திப் பார்த்திருக்கிறார். டாக்டர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் ரம்யாஸ்ரீ உட்கார்ந்து, எந்த இடத்தில் எது நின்றால் எதைச் சொல்வது என்று யோசித்து வைத்தாள். ஒருமுறைக்கு மேல் மன்னிப்புக் கேட்கக் கூடாது. நெட்வொர்க்கையோ கூட வேலை செய்பவரையோ குறை சொல்லக் கூடாது. ஒரே ஒருதரம் மூடித் திறந்து பார்க்கலாம், அதற்குமேல் கருவியோடு மல்லுக்கட்டக் கூடாது. நடந்ததை நேராகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தின் கண்ணைக் கருவியிலிருந்து பேச்சுக்குத் திருப்ப வேண்டும்.

சர்வரிலிருந்து குரல் வராமல் போனால் சொல்ல ஒரு வரி இருந்தது: "இப்ப டேப்லெட்டோட சாதாரணக் குரல்ல கேப்போம். குரல் வேற, வார்த்தை இவரோடது." அதுவும் சரிப்படாவிட்டால் இன்னொன்று: "நீங்க இப்ப கேட்டிருக்க வேண்டியது என்னன்னு நானே சொல்லிடுறேன்." கடைசியாக ஒன்று: "போன வாரம் எங்க ஆபீஸ்ல எடுத்த வீடியோ இருக்கு, அதப் பாத்துக்கிட்டே பேசுவோம்." மூன்றையும் பதற்றம் இல்லாமல், ஏற்கெனவே திட்டமிட்டதுபோலச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை பயிற்சி.

அன்றைய கூட்டம் ஒரு அறக்கட்டளை ஏற்பாடு செய்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் குரல் இழந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் இந்த டேப்லெட்டை அவர்களே வாங்கிக் கொடுப்பார்கள். மேடையில் பேசிக்காட்ட வந்தவர் பரவை காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறிய ராயப்பன்.

ராயப்பனின் குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கமிஷன் கடை வாசலில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று அவர் விலை சொன்னால், லாரி இரைச்சலையும் மீறித் திண்டுக்கல் ரோடு வரை கேட்கும் என்பார்கள். அறுவைசிகிச்சைக்கு முன்னால் ரம்யாஸ்ரீதான் அந்தக் குரலைப் பதிவுசெய்தாள். ஆபீஸ் கதவுக்கு மேல் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவரை வாசிக்க வைத்தாள். அப்போதே தொண்டை கரகரத்திருந்தது. வலியோடுதான் வாசித்தார். இப்போது கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு துளை, அதை மறைத்து வெள்ளைத் துணி. கழுத்தில் வைத்துப் பேசுகிற அதிர்வுக் கருவியும் கொடுத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சில் கழுத்துத் தசை இறுகிப்போனதால் அதில் ஒன்றும் தெளிவாக வரவில்லை. வாயசைப்பார், சத்தம் வராது. அந்த வாயசைப்பை வாசிக்கத் தெரிந்தவர் அவர் மனைவி ஆனிமேரி மட்டும்தான். அன்று ஆனிமேரி அரங்கின் கடைசி வரிசையில், பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தார்.

தொடக்கம் நன்றாகவே போனது. ராயப்பன் ஒரு பட்டனைத் தொட்டார். "எல்லாருக்கும் வணக்கம். நான் பரவை ராயப்பன்" என்று ஒலிபெருக்கியில் குரல் எழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அது டேப்லெட்டுக்குள்ளேயே சேமித்து வைத்த வாக்கியம், நெட் இல்லாவிட்டாலும் பேசும். அடுத்து, தக்காளி ஏலம் ஒன்றைக் கூறிக் காட்டினார். கைதட்டினார்கள். உண்மையான சோதனை அதன் பிறகுதான். கூட்டத்திலிருந்து யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும், ராயப்பன் அங்கேயே தட்டச்சு செய்து பதில் சொல்ல வேண்டும். புதிதாக எழுதுவது துண்டு துண்டாக சர்வருக்குப் போய் ஒலியாகித் திரும்பி வரும். காலையில் வெறும் அரங்கில் அதைப் பலமுறை பார்த்து வைத்திருந்தார்கள். மாலையில் அரங்கு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு போன். இம்மானுவேலின் போனிலிருந்து எடுத்த ஹாட்ஸ்பாட் அந்த நெரிசலில் திணறும் என்று யாரும் நினைக்கவில்லை.

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, இந்தக் குரலில் வீட்டில் முதன்முதலாக என்ன பேசினீர்கள் என்று கேட்டார்.

ராயப்பன் உடனே எழுதவில்லை. கொஞ்சம் யோசித்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். வழக்கத்தைவிட நீளமாக எழுதினார். ரம்யாஸ்ரீ அந்த நேரத்தை நிரப்ப, அவர் ஏலக் கடையில் நின்ற காலத்தைப் பற்றிக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எழுதி முடித்து, பேசு என்ற பட்டனை அழுத்தினார்.

"முதல்ல நான் பேசுனது என் மகள் டயானா கிட்ட. அவகிட்ட நான்..."

குரல் நின்றது. திரையில் சின்ன வளையம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

ரம்யாஸ்ரீ மனதுக்குள் எண்ணினாள். கூட்டத்தில் ஒருவர் இருமினார். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அவள் ராயப்பனிடம் போய், பொறுங்கண்ணே என்று சொல்லி, செயலியை ஒருதரம் மூடித் திறந்தாள். திறந்தது. ஆனால் அவர் எழுதியது எதுவும் அதில் இல்லை. முழுவதும் பேசி முடித்த பதிலை மட்டுமே செயலி சேமிக்கும். பாதியில் மூடினால் எழுதினது போய்விடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ராயப்பன் வெற்றுத் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

இப்போது சொல்ல வேண்டிய வரி சாதாரணக் குரல் பற்றியது. அதைச் சொன்னால் அவர் முதலிலிருந்து எழுத வேண்டும். ஒற்றை விரலில், இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னும் எத்தனை நிமிடம் ஆகுமோ. முன்வரிசையில் அறக்கட்டளைச் செயலாளர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். சுவரோரம் நின்ற இம்மானுவேல் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மருத்துவமனையில் எழுந்து போன டாக்டர்கள் அவள் கண்ணுக்குள் வந்தார்கள். அவள் அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள்.

"குரல் வர்றதுல ஒரு தடங்கல். மன்னிச்சுக்கங்க. நீங்க இப்ப கேட்டிருக்க வேண்டியது என்னன்னு நானே சொல்லிடுறேன்" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "ராயப்பன் அண்ணே அவரு மகளக் கூப்பிட்டு முதல்ல கேட்டது, சாப்பிட்டியாம்மா. அம்புட்டுதான். ஒரு அப்பா மகளப் பாத்து தெனமும் கேக்குற கேள்வி. அதக் கேக்கத்தான் இவருக்கு இத்தன மாசம் ஆச்சு."

அதை அவள் கற்பனையாகச் சொல்லவில்லை. டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், ஆபீஸில் வைத்து, வீட்டில் போய் முதலில் என்ன பேசுவீர்கள் என்று அவளே கேட்டிருந்தாள். மகளைச் சாப்பிட்டாயா என்று கேட்பேன் என்று அவர் எழுதிக் காட்டியிருந்தார். அப்படித்தான் நடந்திருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அரங்கு கைதட்டியது. கேள்வி கேட்ட அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரம்யாஸ்ரீ திரும்பி ராயப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இல்லை என்று ஆட்டினார். வாய் வேகமாக அசைந்தது. கழுத்துத் துணி மூச்சில் ஏறி இறங்கியது. அவர் அவளுடைய மைக்கைச் சுட்டினார், டேப்லெட்டைச் சுட்டினார், மறுபடி வாயசைத்தார். அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. கூட்டம் அதை உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது. கடைசி வரிசையில் ஆனிமேரி எழுந்து நின்றார். அங்கிருந்து மேடைக்கு வரும் வழியெல்லாம் நாற்காலிகள்.

ரம்யாஸ்ரீ அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்கு அவளிடம் வரி எதுவும் இல்லை. இருந்தது வீடியோ பற்றியதுதான். அதைச் சொன்னாள். விளக்கு அணைந்தது. பெரிய திரையில் ராயப்பன் தக்காளி ஏலம் கூற ஆரம்பித்தார். இருட்டில் மேடையில் நின்ற ராயப்பன் டேப்லெட்டை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் இம்மானுவேலின் கையைப் பிடித்துக் குலுக்கி, வரும் மாதமே கொடுக்க ஆரம்பித்துவிடலாம் என்றார். கருவி நின்றதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ரம்யாஸ்ரீ சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இம்மானுவேல் அவள் தோளைத் தட்டி, கப்பலைக் கரைசேர்த்துவிட்டாய் என்றார். அவள் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது ராயப்பனும் ஆனிமேரியும் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போயிருந்தார்கள்.

அவளால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாதா கோவிலில் பூசை முடிந்து வந்திருக்கும் நேரம் பார்த்துப் பரவைக்குப் போனாள். ஆனிமேரி கதவைத் திறந்து, "வாம்மா" என்றார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. உள்ளே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த டயானா அவளைப் பார்த்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ராயப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார். டேப்லெட்டை எடுத்தார். ரம்யாஸ்ரீ, அன்றைக்கு நீங்கள் சொல்ல வந்தது வேறு என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றாள். அவர் எழுதினார். அது பேசியது. பேசியது அவருடைய குரல் இல்லை. டேப்லெட்டோடு வந்த, யாருக்கும் சொந்தமில்லாத குரல், சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி உச்சரித்தது.

"வீட்டில் நான் அந்தக் குரலைப் போடுவதில்லை. பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது."

அதற்குமேல் எழுத அவருக்கு அலுப்பாக இருந்திருக்க வேண்டும். மனைவியைப் பார்த்து வாயசைத்தார். அதைப் பார்த்துப் பார்த்து ஆனிமேரி சொன்னார்.

டேப்லெட் வீட்டுக்கு வந்த அன்று டயானா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ராயப்பன் ஆசையாக உள்ளே உட்கார்ந்து, டயானா என்று எழுதி, சத்தத்தைக் கூட்டி வைத்துப் பட்டனை அழுத்தினார். அதே பழைய குரல். மார்க்கெட்டிலிருந்து வந்து கூப்பிடுகிற மாதிரியே.

"ஈரத்துணிய அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்தா" என்றார் ஆனிமேரி. "அப்பாவுக்குத் தொண்ட சரியாப்போச்சுன்னு நெனச்சுட்டா. ஜெபம் பண்ணிக்கிட்டே கெடந்த புள்ளதான. வந்து பாத்தா இவரு மடியில இந்தப் பலகை. வாயி மூடியிருக்கு, சத்தம் மட்டும் வருது. அப்பிடியே உக்காந்துட்டா. அன்னைக்கு அழுத அழுக, இவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட அழுகல."

ராயப்பன் மறுபடி டேப்லெட்டை எடுத்தார். இந்தமுறை நிறைய நேரம் எழுதினார். ரம்யாஸ்ரீ காத்திருந்தாள். வெளியே யாரோ பம்பை ஓட்டித் தண்ணீர் பிடித்தார்கள்.

"இந்தக் கருவி நல்ல கருவி. மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும். ஆனால் முதல் தடவை பேசும்போது வீட்டு ஆட்களை எதிரே உட்கார வைத்துக் காட்டிவிட்டுப் பேச வேண்டும். தெரியாமல் கூப்பிட்டுவிடக் கூடாது. என் பிள்ளைக்கு ஆனது இன்னொரு பிள்ளைக்கு ஆகக் கூடாது. அதைத்தான் அன்றைக்கு எழுதினேன்."

ரம்யாஸ்ரீ அழாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நான் உங்கள எழுத விட்டுருக்கணும்ண்ணே" என்றாள். "எம்புட்டு நேரம் ஆனாலும் விட்டுருக்கணும்." அவர் கையை அசைத்தார். அது பரவாயில்லை என்றா, போதும் என்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை நான் சரி பண்ணிவிடுகிறேன், எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை இம்மானுவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. டேப்லெட்டோடு கொடுக்கும் வழிமுறையில் ராயப்பன் சொன்னதைச் சேர்க்கச் சொன்னார். எழுதினது அழியாமல் இருக்கச் செயலியைத் திருத்தச் சொன்னார். ஆனால் மேடையில் பேசினதைத் திருத்துவது என்ற பேச்சு வந்ததும், "அத விட்டுரும்மா" என்றார். "இப்பப் போயி அது நெசமில்லன்னு சொன்னா, வீடியோவும் நெசமில்லம்பாங்க. குரலும் நெசமில்லம்பாங்க. கெடைக்க வேண்டியவுகளுக்குக் கெடைக்காமப் போயிரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் மத்தியானம் அவளே செயலாளருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். வீட்டார் முன்னிலையில் பேச வேண்டும் என்பது நல்ல யோசனை, அவசியம் செய்யலாம் என்றார். மற்றதைப் பற்றி, மகள் கொஞ்சம் பயந்திருக்கலாம், பிள்ளைகள் போகப் போகப் பழகிக்கொள்வார்கள் என்றார். அன்று அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை பேர் உருகிப்போனார்கள் தெரியுமா என்று கேட்டார். டேப்லெட் கொடுக்கும் விழாவுக்கான பேனரில் அதுதான் தலைப்பு, அச்சுக்குப் போய்விட்டது. ராயப்பனின் படமும் மகள் படமும் போட எண்ணம், மகளின் படம் ஒன்று வாங்கி அனுப்ப முடியுமா என்றும் கேட்டார்.

மகள் படம் வேண்டாம் சார் என்று அவள் சொன்னாள். மூன்று நான்கு தரம் சொன்ன பிறகு அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

விழா வாடிப்பட்டியில் நடந்தது. ரம்யாஸ்ரீ உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகவில்லை. போனவர்கள் படம் அனுப்பினார்கள். மேடைக்குப் பின்னால் ராயப்பனின் சிரித்த முகம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில், சாப்பிட்டியாம்மா. டேப்லெட் வாங்கிய ஒவ்வொருவரும் அந்தப் பேனருக்கு முன்னால் நின்றிருந்தார்கள். பாண்டிராஜ் என்ற லாரி டிரைவர், கழுத்தில் துணியோடு, தன் சின்னப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். வழிமுறைத் தாள் டேப்லெட் பெட்டிக்குள் மடித்து வைத்தபடி இருந்திருக்கும். அதை யார் பிரித்துப் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வழி இல்லை. அங்கே போயிருந்தால் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லியிருக்கலாமே என்று அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. அவள் ஆபீஸிலிருந்து எண்களை வாங்கி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். சில வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். சில எண்கள் போகவில்லை. பாண்டிராஜின் மனைவி முனீஸ்வரி, நேற்று ராத்திரியே பேசிவிட்டார், பேனரில் இருந்ததைத்தான் பையனிடம் கேட்டார் என்றாள். பையன் என்ன செய்தான் என்று ரம்யாஸ்ரீ கேட்டாள்.

"கட்டிலுக்கு அடியில போயிட்டான்க்கா. காலையிலதான் வெளிய வந்தான்" என்றாள் முனீஸ்வரி. "ஏன்க்கா, வேற வார்த்த எதுவும் பேசியிருக்கணுமா?"

இல்லம்மா, வார்த்தை ஒன்றும் தப்பில்லை என்று ரம்யாஸ்ரீ சொன்னாள். பையனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அவனையே பட்டனை அழுத்தச் சொல்லிப் பாருங்கள் என்றாள். அது உதவுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

அன்று சாயங்காலம் அவள் ராயப்பனின் எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது, கழுத்துத் துளையிலிருந்து வருகிற, கொஞ்சம் ஈரமான மூச்சு. அவர்தான் என்று தெரிந்தது. அவள் நிறுத்தாமல் சொன்னாள். பேனரை மாற்ற முடியவில்லை என்பதை, டயானாவின் படத்தை மட்டும் தடுத்துவிட்டதை, வாடிப்பட்டியில் ஒரு பையன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதை, எல்லாவற்றையும் சொன்னாள். இந்த இடத்துக்கென்று அவள் பயிற்சி செய்த வரி எதுவும் இல்லை. அவள் போனைக் காதில் வைத்தபடி அப்படியே இருந்தாள்.

மூச்சு வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை வேகமானது, பிறகு தணிந்தது. அவர் எதையோ சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"கேட்டுக்கிட்டாரும்மா" என்றார் ஆனிமேரி.

"என்னக்கா சொன்னாரு?"

"இருட்டுல உக்காந்துருந்தாரும்மா. நான் லைட்டப் போடுறதுக்குள்ள பேசி முடிச்சுட்டாரு. நான் பாக்கல. இனிமே கேட்டா சொல்ல மாட்டாரு."

காளவாசல் சிக்னலில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன. ரம்யாஸ்ரீ, சரிக்கா, வைக்கிறேன் என்றாள். ஆனால் வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை.